"இப்போது தெரியாது, வியாழன் 11 மணிக்குச் சொல்கிறேன்": இப்படிப் பதில் சொன்னவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

இரவுப்பணி

மைக்ரோபயாலஜி லேபில் வேலை. செவ்வாய் மாலை 6 மணிக்கு ஐசியூ நோயாளி ஒருவரின் பிளட் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் காட்டியது. கிராம் ஸ்டெயின் போட்டுப் பார்த்தேன், கிராம் நெகட்டிவ் பேசிலை வகைக் கிருமி. போனில் சொன்னதுமே டாக்டர் கேட்டார்: "எந்த மருந்து கேட்கும்? இப்பவே தெரியணும்."

எங்கள் முறையில் அது அப்போது தெரிய வழியே இல்லை. பாட்டிலில் இருந்து எடுத்துப் பிளேட்டில் போட்டால் மறுநாள் காலைதான் கிருமிக் காலனி தெரியும். அதை எடுத்துப் பரப்பி மருந்து ஊறிய டிஸ்க் வைத்தால் இன்குபேட்டரில் 16 முதல் 18 மணி நேரம் இருக்க வேண்டும். வியாழன் காலை டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து, சீனியர் சரிபார்க்க வேண்டும். அதனால் இப்படிச் சொன்னேன்: "டாக்டர், எந்த மருந்துன்னு இப்ப தெரியாது. வியாழன் காலை 11 மணிக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேன். நடுவுல ஏதாவது மாறினா, மாறின உடனே சொல்றேன்."

பக்கத்தில் இருந்த சீனியர் போனை வைத்ததும் கடிந்துகொண்டார். "நாளைச் சொல்லு, மணியைச் சொல்லாதே. பிளேட்டையே இன்னும் பார்க்கல."

புதன் காலை பிளேட்டைத் திறந்தால் இரண்டு விதக் காலனி. ஒன்று இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு. இன்னொன்று நிறமே இல்லாமல் தட்டையாக. ஸ்டெயினில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், முந்தின நாள் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. கலந்த வளர்ச்சியில் டிஸ்க் வைத்தால் வரும் அளவை நம்ப முடியாது. தனித்தனியாகப் பிரித்து வளர்க்க இன்னொரு இரவு வேண்டும். அப்போதே, 10:30க்கு டாக்டரைக் கூப்பிட்டு, வியாழன் இல்லை, வெள்ளி 11 மணி என்றும், ஏன் என்றும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வெள்ளி வரைக்கும் இதே மருந்து ஓடணும். இது கிட்னியைப் படுத்தும். கிரியாட்டினின் இன்னிக்கே அனுப்புறேன், நாளைக்கும் பார்க்கிறேன்" என்றார்.

அந்தப் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கையில் இருந்தது முடிவு இல்லை, நாள் மட்டும்தான். அதை வைத்தே ஒரு வேலையை முன்கூட்டிச் செய்தார். ஆனால் சீனியர் சொன்னதும் முழுக்கத் தவறு என்று தோன்றவில்லை. பிளேட்டைப் பார்க்கும் முன் மணி சொல்லலாமா?

உதிரிபாகம்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? இயந்திர உதிரிபாகம் விற்கும் இடத்தில் வாடிக்கையாளர் போனை நான்தான் எடுக்கிறேன். "லைன் நின்னு போச்சு, பாகம் எப்ப வரும்" என்று கத்துவார்கள். கிடங்கில் வியாழன் என்றால் நான் சனிக்கிழமை என்று சொல்வேன். வெள்ளியன்று போய்ச் சேர்ந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். எப்போதும் இரண்டு நாள் கூட்டிச் சொல்லுங்கள், பிரச்சினையே வராது.

காத்திருந்தவன்

நான் மறுமுனையில் இருந்தவன். அப்பாவுக்கு எலும்பில் பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட் எப்போது என்று கேட்டால் கவுன்டரில் ஒரே பதில்: "வந்ததும் மெசேஜ் வரும்." தினமும் போய் நின்றேன். கடைசியில் உள்ளிருந்து வந்த ஒரு பெண், "எலும்புல இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்ச பிறகுதான் அறுக்க முடியும் அண்ணா, சதை மாதிரி இல்ல. அடுத்த புதன் மாலை வாங்க, அதுக்கு முன்னாடி அலைய வேண்டாம்" என்றார். அன்றுதான் வீட்டில் எல்லோரும் தூங்கினோம். அந்தக் கவுன்டர்காரருக்கு இதைச் சொல்ல என்ன கஷ்டம்? இன்னும் ஆறவில்லை.

பழைய கோப்பு

உதிரிபாகம் சொல்வதை ஏற்க முடியவில்லை. சனி என்று நீங்கள் சொன்னதை நம்பி அவர் இரண்டு ஷிப்ட் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? வெள்ளியன்று பாகம் வரும், மாட்ட ஆள் இருக்காது. அந்த ஐசியூ டாக்டரும் அப்படித்தான். கூட்டிச் சொன்னால் கிட்னியைப் படுத்தும் மருந்தை மாற்றலாமா என்று அவர் எடுக்கும் முடிவே வேறாகிவிடும். நாளை நீட்டுவதைவிட, அந்த நாள் எதனால் தள்ளிப்போகும் என்று சொல்லிவிடுவது மேல்.

என் அனுபவம் சின்னது. மருந்துத் தயாரிப்பில் தரப்பிரிவில் இருந்தேன். ஊசி மருந்துக்கு ஸ்டெரிலிட்டி டெஸ்ட் 14 நாள் ஓடும். பாதியில் ஒரு மருத்துவமனையிலிருந்து அவசரக் கடிதம்: இந்த பேட்ச் சரியா, இல்லையா? எங்கள் ஆள் ஒருவர் நல்ல மனதோடு "இதுவரை வளர்ச்சி எதுவும் இல்லை" என்று எழுதி வைத்திருந்தார். அனுப்பும் முன் நிறுத்தினேன். அது உண்மைதான், ஆனால் படிப்பவர் அதை "சரி" என்றுதான் எடுத்துக்கொள்வார். மெதுவாக வளரும் கிருமிக்காகத்தானே 14 நாள் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் போனது இது:

"உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த பேட்ச் கிருமியற்றது என்று இன்று சொல்ல இயலாது. சோதனை 18-ம் தேதி முடிகிறது. முடிவு எதுவானாலும் 19-ம் தேதி மாலை 4 மணிக்குள் நானே எழுதுகிறேன். அதுவரை இதைப் பயன்படுத்தாமல் தனியே வையுங்கள்."

"முடிவு எதுவானாலும்" என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், நல்ல செய்தி என்றால்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்துக்கொள்வார்கள், 19 அன்று பதில் வராவிட்டால் பயந்துபோவார்கள். அதுவரை என்ன செய்வது என்ற கடைசி வரியும் வேண்டும், ஏனென்றால் கேட்டவருக்கு அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது.

அப்புறம், நாளை நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். சோதனை செய்பவரிடமே கேளுங்கள். மேலாளர் சொல்லும் நாளில் அவருடைய ஆசை கலந்திருக்கும், மேசையில் இருப்பவருக்குத்தான் எது எப்போது முடியும் என்று தெரியும். சொன்ன நாளைப் பதிவேட்டிலும் எழுதுங்கள். போனில் கொடுத்த வாக்கு அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது.

உதிரிபாகம்

ஐயா, நீங்கள் சொல்வது மருந்துக்குச் சரி. என் வேலையில் லாரி எங்கே நிற்கிறது என்று ஓட்டுநருக்கே சில நேரம் தெரியாது. கூட்டிச் சொல்லாமல் எப்படி? சரி, ஷிப்ட் ஆட்களை நிறுத்தியிருந்தால் என்பதை நான் யோசித்ததில்லை. இனிமேல் இரண்டு நாளையும் சொல்லிப் பார்க்கிறேன்: கிடங்கு சொல்வது வியாழன், லாரி தாமதமானால் சனி என்று.

பழைய கோப்பு

இரண்டு நாள் சொன்னால் கேட்பவர் காதில் வியாழன்தான் நிற்கும். லாரி கிளம்பியதா என்று புதன் மாலை கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிற வேலை.

இரவுப்பணி

ஷிப்ட் விஷயம் ரொம்பச் சரி. வெள்ளி காலை எனக்கு விடுமுறை. பெயர், வார்டு, 11 மணி, யாரிடம் பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் ஹேண்டோவர் நோட்டில் எழுதிவிட்டுப் போனேன். பகல் ஷிப்ட் அக்கா 10:40க்கே கூப்பிட்டுவிட்டார். ஓடிக்கொண்டிருந்த மருந்து ஒரு கிருமிக்குக் கேட்டது, இன்னொன்றுக்குக் கேட்கவில்லை. அன்றே மாற்றினார்கள்.

காத்திருந்தவன் அண்ணா, கவுன்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் உள்ளே நடப்பது தெரியாது. எங்கள் லேபில் அந்த நாளை ஸ்லிப்பிலேயே எழுதி வெளியே கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் நடக்கவில்லை.

மணி பற்றிய என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. சீனியர் இன்னும் அதே பேச்சில்தான் இருக்கிறார். முதல் பிளேட்டைப் பார்க்கும் முன்பே மணி சொல்லும் லேப் ஆட்கள் இருந்தால் எழுதுங்கள்.