ஏ, பி, சி, டி வரிசையா கொடுத்தும் மூலைக்கு மூலை ஒரே செட் வருது. ஏன்?

மேசைக்கணக்கு: எங்க காலேஜ்ல ஓஎம்ஆர் டெஸ்ட். ரூம் 20-க்கு 24 அடி, 30 பேர். முன்னாடியிருந்து பின்னாடி 5 மேசை, அந்த மாதிரி 6 வரிசை. கேள்வித்தாள் நாலு செட். ஏ, பி, சி, டி, ஏ-ன்னு கொடுத்து, அடுத்த வரிசையில முன் மேசையிலிருந்து பி-யில தொடர்ந்தோம். சாய்வா பார்த்தா ஒரே செட் வந்து நிக்குது. எப்படிக் கொடுக்கணும்? இன்விஜிலேட்டர் நடக்க மேசையை எப்படிப் போடணும்?

சதுரங்கம்: நாலு செட்டே வேஸ்ட்டுங்க. செஸ் போர்டு கறுப்பு வெள்ளை மாதிரி ஏ, பி ரெண்டை மாத்தி மாத்தி வைங்க. இடம், வலம், முன்னால, பின்னால எல்லாம் வேற செட் வந்துடும். மூலையில இருக்கிறவன் தாளை எவன் பார்க்கப் போறான்?

பழைய எக்ஸாம் செல்: தம்பி, ஹால்ல பின்னாடி நின்னு பத்து நிமிஷம் பாருங்க. நேர் முன்னால இருக்கிறவன் முதுகே அவன் தாளை மறைச்சிடும். கண்ணு போறது சாய்வா முன்னால இருக்கிறவன் முழங்கை ஓரத்துக்குத்தான், அங்கதான் ஓஎம்ஆர் தாள் திறந்து கிடக்கும். நீங்க விட்டுட்ட மூலைதான் முதல்ல அடைக்க வேண்டிய மூலை.

மூலையையும் சேர்த்துப் பார்த்தா நாலு செட்டுக்குக் குறைஞ்சு முடியாது. ரெண்டுக்கு ரெண்டா நாலு மேசையை எடுத்துக்கோங்க. நாலும் ஒண்ணுக்கொண்ணு பக்கம் இல்லன்னா மூலை. மூணு செட்தான்னா ரெண்டு பேருக்கு ஒரே தாள் போய்த்தான் ஆகணும்.

மேசைக்கணக்கு, உங்க கோளாறு வரிசைக்கு 5 மேசை, செட் 4-ங்கிறதுல இருக்கு. ஒவ்வொரு வரிசையும் ஒரு செட் தள்ளி ஆரம்பிக்குது, அதனால முதல் வரிசை ரெண்டாவது மேசையும் ரெண்டாவது வரிசை முதல் மேசையும் பி. வரிசைக்கு 4 மேசைன்னா இன்னும் மோசம், குறுக்க எல்லாருக்கும் ஒரே செட்.

நாலையும் சுத்தவே விடாதீங்க. முதல் வரிசையில ஏ, பி மட்டும், ரெண்டாவதுல சி, டி மட்டும், மூணாவதுல மறுபடி ஏ, பி. பக்கத்து வரிசையில உங்க செட்டே கிடையாது, உங்க வரிசையில முன்னாலயும் பின்னாலயும் மற்றது.

பைதான்பையன்: சார், இதெல்லாம் கையால எதுக்கு? லிஸ்ட்டை ஷஃபிள் பண்ணி ஒட்டிட்டா யாருக்கு எந்த செட்னு முன்கூட்டியே கணிக்கவே முடியாதே.

பழைய எக்ஸாம் செல்: கணிக்க முடியாதுங்கிறது சரி. ஆனா எண்ணிப் பாருங்க. 30 மேசையில பக்கம் பக்கமா 25 ஜோடி, முன்னும் பின்னுமா 24 ஜோடி. குலுக்கிப் போட்டா ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு ஒட்டும், அதாவது 49-ல சராசரியா 11, 12 ஜோடிக்கு ஒரே செட். மூலையை இன்னும் சேர்க்கவே இல்ல. எந்த மாணவன் எந்த மேசைங்கிறதை வேணும்னா குலுக்குங்க, மேசைக்கு எந்த செட்ங்கிறதைக் குலுக்காதீங்க.

பைதான்பையன்: சரி, ஏத்துக்கறேன். அப்ப ஷீட்ல இந்த ஒரு வரி போதும். A1-ல போட்டு F5 வரை இழுத்துடுங்க:

```
=IF(ISODD(COLUMN()),IF(ISODD(ROW()),"A","B"),IF(ISODD(ROW()),"C","D"))
```

மேசைக்கணக்கு: போட்டுப் பார்த்தேன். ஏ 9, பி 6, சி 9, டி 6 வருது. ஆபீஸ்ல கவர்ல 8, 8, 7, 7-ன்னு வைப்பாங்க. ஏ-யும் சி-யும் பத்தாது.

பழைய எக்ஸாம் செல்: மூணாவது வரிசையை பி-யில ஆரம்பிங்க, நாலாவதை டி-யில. முதல் வரிசையும் மூணாவதும் பக்கத்து வரிசை இல்ல, அதனால எதுவும் மோதாது. இப்ப ஏ 8, பி 7, சி 8, டி 7. எட்டு எதுக்கு, ஏழு எதுக்குன்னு ஆபீஸ்ல முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, ஆப்சென்ட். வராதவன் மேசையிலயும் அவன் தாளை வெச்சுட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போகணும். பண்டல்ல மேல இருக்கிறதை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுத்தா, அந்த இடத்துலயிருந்து வரிசை முழுக்க ஒண்ணு தள்ளிப் போயிடும். அரை மணி கழிச்சு காலி மேசைத் தாளை எடுத்துக்கலாம். காலி இடம் கிடக்கேன்னு பின்னால இருக்கிறவனை முன்னால கூப்பிடவும் கூடாது.

கடைசிபெஞ்ச்: எல்லாரும் ஏ, பி-ன்னு பேசறீங்க, போன செம்ல எனக்கு வந்த டி செட் மட்டும் அவ்ளோ கஷ்டம். முதல் கேள்வியே பெரிய கணக்கு. இதை யாரும் கேக்க மாட்டீங்களா?

சதுரங்கம்: தம்பி, கேள்வி எல்லாம் ஒண்ணுதான், வரிசைதான் மாறும். உங்களுக்கு முதல்ல வந்தது பக்கத்து செட்ல நாப்பதாவதா வந்திருக்கும்.

கடைசிபெஞ்ச்: அண்ணே, முதல்லயே அதைப் பார்த்து பதறிட்டா மத்ததும் போச்சுல்ல.

தமிழ்மேடம்: அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா அது வேற சண்டை. நடக்குற வழிக்கு வருவோம். நான் கேள்வித்தாளோட நிக்குற ஆளு. மேசை 2 அடி அகலம்னு வெச்சுக்குவோம். 6 தனி வரிசை போட்டா 12 அடி போச்சு, மிச்சம் 8 அடி. ரெண்டு ஓரத்தையும் சுவரோட ஒட்டினாலும் நடுவுல அஞ்சு சந்து, சந்துக்கு ஒண்ணரை அடிக்குக் கொஞ்சம்தான் மேல. புடவைத் தலைப்பு மாட்டாம அதுல போக முடியாது. பக்கவாட்டுல திரும்பிப் போறப்ப முழங்கை இடிச்சு அவன் வட்டம் கோணலாயிடும்.

பழைய எக்ஸாம் செல்: அதனாலதான் ஜோடி. ரெண்டு ரெண்டு வரிசையா ஒட்டிப் போடுங்க, மூணு ஜோடி ஆகும். அதே 8 அடியை ரெண்டு சுவர் ஓரம், நடுவுல ரெண்டு சந்துன்னு நாலா பிரிச்சா ஒவ்வொண்ணும் 2 அடி. எந்தப் பையனுக்கும் ஒரு பக்கம் வழி இருக்கும். சுவரோரத்தை மட்டும் ஒட்டிடாதீங்க. ஒட்டினா ஓரத்துல இருக்கிறவன்கிட்ட ஒரு ஆளைத் தாண்டிக் குனிஞ்சுதான் அட்டெண்டன்ஸ் கையெழுத்து வாங்கணும்.

தமிழ்மேடம்: ஜோடின்னா தோள் இடிக்கிற தூரத்துல ரெண்டு பேர். செட் வேறன்னாலும் வாய் ஒண்ணுதானே சார்? "பதினேழாவது" வேண்டாம், கேள்வியோட முதல் வார்த்தையை முணுமுணுத்தா போதும். அஞ்சு தனி வரிசை போட்டு 25 பேரை வைங்க, ரெண்டரை அடி சந்து வரும். மிச்சம் 5 பேரை வேற ரூமுக்கு அனுப்புங்க.

பழைய எக்ஸாம் செல்: அந்த 5 பேருக்கு இன்னொரு ரூம், இன்னொரு இன்விஜிலேட்டர் யார் தர்றது மேடம்? அஞ்சு ரூம் இருந்தா 25 பேர் மிஞ்சுவாங்க, ஒரு ரூம் திறக்கலாம். ஒரு ரூம்தான்னா முடியாது.

சதுரங்கம்: டிபார்ட்மென்ட்டைக் கலந்துட்டா? பக்கத்துல மெக்கானிக்கல், இந்தப் பக்கம் சிவில். முணுமுணுத்தாலும் பிரயோஜனம் இல்ல.

தமிழ்மேடம்: நல்ல யோசனை, ஆனா முதல் வருஷத்துல கணக்குப் பேப்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரு தடவை எங்க ரூம்ல மெக்கானிக்கல், சிவில்னு அழகா மாத்தி மாத்தி உட்கார வெச்சாச்சு. கவரைப் பிரிச்சா எல்லாத்துலயும் ஒரே சப்ஜெக்ட் கோட். கலக்கிறதா இருந்தா டிபார்ட்மென்ட்டைப் பார்க்காதீங்க, சப்ஜெக்ட் கோடைப் பார்த்துக் கலக்குங்க. அரியர் எழுதுறவங்களும் அப்பத்தான் சரியான இடத்துல விழுவாங்க.

மேசைக்கணக்கு: எங்களுக்கு 4 ரூம், 120 பேர். தனி வரிசைன்னா ரூமுக்கு 5 பேர், மொத்தம் 20 பேர் மிஞ்சுறாங்க. அஞ்சாவது ரூம் கேட்டுப் பார்க்கறேன். கிடைக்கலன்னா ஜோடிதான். செட் கொடுக்கிறது ரெண்டுக்கும் நீங்க சொன்ன மாதிரியே.

தமிழ்மேடம்: ஜோடின்னா ரூமுக்கு ரெண்டு பேரைப் போடச் சொல்லுங்க. ஒருத்தர் பின்னாடி நிக்கணும்.

பழைய எக்ஸாம் செல்: ரெண்டாவது ஆளு இருந்தா அவரையே அஞ்சாவது ரூமுக்கு அனுப்பிடலாமே மேடம்!