ஓவர்ஹேங் பீம்: பி.எம்.டி.யில் எனக்கு 75 வருகிறது, விடையில் 31.25. எங்கே தவறு?

வியாசர்பாடி_சிவில்
நாளை மறுநாள் தேர்வு. தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் வாங்கிய பழைய வினாத்தாள் கட்டில் உள்ள கணக்கு இது. ரியாக்ஷன் 25, 50 இரண்டும் விடையோடு ஒத்துப்போகின்றன. B-யில் −30, அதுவும் சரி. அதிகபட்ச மொமெண்ட் மட்டும் எனக்கு 75 வருகிறது, விடையில் 31.25 என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். விடைதான் அச்சுப்பிழையா?

மீனா_கொருக்குப்பேட்டை
பீம் எவ்வளவு நீளம், தாங்கிகள் எங்கே, சுமை என்ன? ஒன்றையுமே சொல்லவில்லையே தம்பி.

பெரம்பூர்_மூத்தவர்
கேள்வியை முழுதாக எழுதத் தெரியாதவருக்கு வரைபடம் எங்கிருந்து வரும்? எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது பிளஸ், மைனஸ் குழப்பம்தான். வேறொன்றும் இல்லை.

எண்ணூர்_சைட்
குறி மாறியிருந்தால் −30 சரியாக வந்திருக்காதே சார். தம்பி, வெட்டு விசை பூஜ்யமாகும் இடத்தில்தான் அதிகபட்ச மொமெண்ட் வரும். நீங்கள் வழக்கம்போல நடுவில் எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடி_சிவில்
மன்னியுங்கள், அவசரத்தில் விட்டுவிட்டேன். A-யிலிருந்து B 6 மீட்டர். B-யைத் தாண்டி C வரை 2 மீட்டர் நீட்டம். தாங்கிகள் A, B. AB முழுவதும் மீட்டருக்கு 10 kN யூ.டி.எல்., C-யில் 15 kN புள்ளிச் சுமை. வெட்டு விசை 3 மீட்டர் வரை 25, அங்கே ஒரே இறக்கமாக −35. பூஜ்யத்தைத் தாண்டுவது அங்கேதான் அண்ணா, மொமெண்ட்டும் அங்கேதான் 75.

மீனா_கொருக்குப்பேட்டை
பிடிபட்டது. அண்ணன் சொன்ன விதி சரி, ஆனால் உங்கள் தவறு அதுவல்ல. சரியான வரைபடத்தில் நடுவில் எடுத்தாலும் 30 தான் வரும், 75 வராது.

ரியாக்ஷன் கண்டுபிடிக்க 60 kN-ஐ நடுவில் ஒரே சுமையாக வைத்தீர்கள். அதுவரை சரி. பிறகு அதை அழிக்காமல் வரைபடத்துக்கும் கொண்டுபோய்விட்டீர்கள். தாங்கிகளுக்குத்தான் அந்த 60 ஒரே சுமை. பீமுக்குள் அது 6 மீட்டரிலும் பரவிக் கிடக்கிறது. அதனால் வெட்டு விசை A-யில் 25-இல் தொடங்கி, மீட்டருக்குப் பத்துப் பத்தாகச் சரிந்து, B-க்குச் சற்று முன்னால் −35 ஆகும். B-யில் 50 மேலே தள்ள, +15.

பூஜ்யமாகும் இடம் 25 ÷ 10, அதாவது 2.5 மீட்டர். அதுவரை உள்ள முக்கோணத்தின் பரப்பே மொமெண்ட்: ½ × 25 × 2.5 = 31.25. அடுத்த முக்கோணம் ½ × 35 × 3.5 = 61.25. முதலாவதிலிருந்து இதைக் கழித்தால் −30, உங்கள் B.

உங்களை ஏமாற்றியதே அந்த −30 தான். இந்தத் தவறைச் செய்தாலும் A, B, C மூன்றிலும் விடை சரியாகவே வரும். நடுவில் மட்டும்தான் கெடும். ஆகவே முனைகள் ஒத்துப்போவதை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள். புள்ளிச் சுமையோ தாங்கியோ இல்லாத இடத்தில் வெட்டு விசை செங்குத்தாக இறங்கக் கூடாது. யூ.டி.எல். உள்ள இடத்தில் பி.எம்.டி. வளைகோடாக இருக்க வேண்டும். உங்களுடையது நேர்கோட்டு முக்கோணமாக இருக்கும்.

ராயபுரம்_வீட்டுக்காரர்
நீட்டம் என்றதும் கேட்கிறேன். எங்கள் மாடி பால்கனியில், சுவரை ஒட்டி, தரையின் மேல்பக்கம் நீளமாக ஒரு விரிசல். நகக்கண் நுழையும் அகலம். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்குகிறது. சிமெண்டு பூசினால் போதுமா?

எண்ணூர்_சைட்
பூசி மூடாதீர்கள் ஐயா. இந்தக் கணக்கில் B-யில் மைனஸ் வருவதுபோல் அங்கேயும் இழுவிசை மேல்பக்கம்தான். கம்பியும் மேலே இருக்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அதுதானா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அதுவரை பால்கனியில் பாரம் ஏற்ற வேண்டாம். பி.எம்.டி.யை இழுவிசைப் பக்கம் வரைய வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கம்பி எங்கே என்று படமே காட்டிவிடும்.

பெரம்பூர்_மூத்தவர்
தேர்வில் பிளஸ் மேலே, மைனஸ் கீழே. சைட் பழக்கத்தை மாணவர் தலையில் ஏற்றாதீர்கள்.

எண்ணூர்_சைட்
இழுவிசைப் பக்கம் வரையும் புத்தகங்களும் இருக்கின்றன சார். குறியை எழுதிவிட்டால் எதற்கு மதிப்பெண் குறைய வேண்டும்?

பெரம்பூர்_மூத்தவர்
திருத்துபவர் நீங்கள் இல்லையே.

மீனா_கொருக்குப்பேட்டை
இரண்டு பேரும் தம்பியை விட்டுவிட்டீர்கள். தம்பி, 25x − 5x² = 0 போட்டு எதிர்வளைவுப் புள்ளியையும் பாருங்கள்.

வியாசர்பாடி_சிவில்
5 மீட்டர் வந்தது அக்கா, விடையிலும் அதுதான். என் பழைய படத்தில் 5.14 வந்ததை அளவுப் பிழை என்று விட்டிருந்தேன். 31.25-உம் வந்துவிட்டது. மேலே வரைவதா கீழே வரைவதா என்று நாளை வகுப்பில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.