டப்பாவில் எழுதாத சரக்கு: சோதனைக்கு உட்படும் வீராங்கனைக்கு சப்ளிமெண்ட் கொடுக்கலாமா?

முத்துக்குமரன்: என் மகளுக்கு 19 வயது, 400 மீட்டர் ஓடுகிறாள். அடுத்த மாதம் தேசியப் போட்டி. ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் ஆட்கள் சிறுநீர் மாதிரி எடுப்பார்களாம். கடைக்காரர் ஒரு வே புரோட்டீன் டப்பாவும், ஓடுவதற்கு முன் குடிக்க ஒரு ப்ரீ ஒர்க்கவுட் பொடியும் கொடுத்திருக்கிறார். லேபிளில் தடை செய்யப்பட்ட பெயர் எதுவும் இல்லை. கொடுக்கலாமா?

அருள்: நானும் சப்ளிமெண்ட் கடைதான் நடத்துகிறேன். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், இறக்குமதியாளர் முத்திரை, கையில் பில், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். சோதனையில் மாட்டுகிறவர்கள் தெரிந்தே ஊசி போட்டவர்கள். பிடிபட்டதும் புரோட்டீன் பொடியின் மேல் பழி போடுவார்கள், அவ்வளவுதான்.

நந்தினி: அருள் சார், நீங்கள் சொன்ன மூன்றும் போலிச் சரக்கைத் தவிர்க்க உதவும். ஆனால் அது உணவுக்கான உரிமம். அந்த எண்ணைக் கொடுப்பதற்காக யாரும் ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்டீராய்டு தேடுவதில்லை.

எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்கிறீர்களே, 2011-ஐ நினைத்துப் பாருங்கள். 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நால்வரில் அஸ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கவுர் ஆகிய மூவரும் அடுத்த ஆண்டு அனபாலிக் ஸ்டீராய்டில் சிக்கினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் சீனாவில் வாங்கி வந்த ஜின்செங்தான் காரணம் என்றார்கள். அந்த விளக்கத்தை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகும் ஓராண்டுத் தடை! சர்வதேசத் தடகளச் சம்மேளனம் மேல்முறையீடு செய்ய, விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2012-இல் இரண்டு ஆண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. பயிற்சியாளர் கொடுத்தார் என்று சொல்வது போதாது, விழுங்குவதற்கு முன் நீ என்ன விசாரித்தாய் என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி.

அருள்: அது எங்கேயோ வாங்கிய சீன மாத்திரை, மேடம். பெரிய கம்பெனிப் பொடியில் ஸ்டீராய்டு எப்படி வரும்? அவனுக்கு என்ன பைத்தியமா, விலை உயர்ந்த மருந்தை இலவசமாகக் கலக்க?

நந்தினி: வேண்டுமென்றே கலக்க வேண்டியதே இல்லை. ஒரே ஆலையில் பல கம்பெனிகளுக்குப் பொடி கலந்து கொடுப்பார்கள். முந்தைய நாள் ஹார்மோன் சரக்கு ஓடிய கலவை இயந்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால், மறுநாள் ஓடும் வைட்டமினில் அதன் மிச்சம் ஏறிவிடும். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்டது. அவற்றில் 94-இல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் சரக்கு இருந்தது.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிராம் பொடியில் 0.1 மைக்ரோகிராம் நான்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டு வகைப் பொருள் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிராம் கரண்டியில் 3 மைக்ரோகிராம். தசை வளர அது எதற்கும் உதவாது. ஆனால் ஒரு மைக்ரோகிராமைத் தாண்டினாலே சில மணி நேரத்துக்குச் சிறுநீர் சோதனையில் மாட்டக்கூடும் என்பது அந்த ஆய்வகத்தின் கணிப்பு. டப்பா முழுவதும் அது ஒரே சீராகவும் இருக்காது. இன்று குடித்தவளுக்கு ஒன்றும் இல்லை, நாளை குடித்தவள் சிக்கினாள் என்று ஆகும்.

பெரியசாமி மாஸ்டர்: இவ்வளவு கணக்கு எதற்கு? நான் பல ஆண்டுகளாகத் தடகளப் பயிற்சி கொடுக்கிறேன். என் பிள்ளைகள் எந்த டப்பாவையும் தொடக் கூடாது. ஒரு கரண்டிப் பொடியில் 24 கிராம் புரதம் என்பார்கள், நாலு முட்டையில் அது வந்துவிடும். முட்டை சாப்பிட்டு எவனும் தடை வாங்கியதில்லை.

சித்ரா: டப்பா வேண்டாம் என்பதைத்தான் நானும் சொல்கிறேன். கெமிக்கல் இல்லாத மூலிகைப் பொடி கொடுங்கள். என் பையன் பிளஸ் டூ படிக்கும்போது அமுக்கராப் பொடி கொடுத்தேன், நல்ல தெம்பு. பக்கவிளைவே கிடையாது.

நந்தினி: சித்ரா அக்கா, உங்கள் பையனிடம் யாரும் சிறுநீர் கேட்கவில்லையே. இங்கே கேள்வி பக்கவிளைவு பற்றியது இல்லை. ஜின்செங்கும் மூலிகைதான். ப்ரீ ஒர்க்கவுட் பொடிகளில் ‘ஜெரேனியம் எண்ணெய்’ என்று செடியின் பெயரில் வந்தது மெத்தில்ஹெக்சனமைன் என்ற ஊக்கி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 100 மீட்டர் தங்கத்தை நைஜீரியாவின் ஒலுடமோலா இழந்தது அந்த ஊக்கியால்தான்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. லேபிளிலும் இல்லை, இணையத்தில் நியாயமாகத் தேடினாலும் தெரியாது என்றால்தான் அது ‘மாசுபட்ட பொருள்’. செடியின் பெயரைத் தட்டினால் ஊக்கி வந்து நிற்கிறது என்றால், மாசு என்று வாதாடவே முடியாது. முத்துக்குமரன் ஐயா, ப்ரீ ஒர்க்கவுட்டை எப்படியும் தவிர்த்துவிடுங்கள். தடகளப் பெண்ணுக்கு ஒரு காபி போதும்.

வேல்: என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பளு தூக்குகிறவன். சோதனைப் படிவத்தில் கடந்த ஏழு நாட்களில் சாப்பிட்டதை எழுதச் சொன்னார்கள். பயந்துபோய் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டான். முடிவு பாதகமாக வந்தபோது பொடி தீர்ந்து டப்பா பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது. பில் இல்லை, பேட்ச் எண் தெரியாது. பொடிதான் காரணம் என்று இன்றும் சத்தியம் செய்கிறான். யார் நம்புவார்கள்?

நந்தினி: நம்புவது கஷ்டம்தான் தம்பி. படிவத்தில் எழுதியிருக்க வேண்டும், அதைத்தான் குழு முதலில் பார்க்கும். பிரித்த டப்பாவில் ஸ்டீராய்டு இருந்தாலும் நீயே போட்டாய் என்பார்கள். அதே பேட்ச் எண் கொண்ட, சீல் உடைக்காத இன்னொரு டப்பாவிலும் அது இருந்தால்தான் வாதம் நிற்கும். அதனால்தான் ஒரே பேட்சில் இரண்டு வாங்கி ஒன்றைத் திறக்காமல் வைக்கச் சொல்கிறேன். இத்தனையும் நிரூபித்து, கணிசமான கவனக்குறைவு இல்லை என்றும் காட்டினால், இன்றைய விதியில் எச்சரிக்கை முதல் இரண்டு ஆண்டு வரை. தெரியாமல் நடந்தது என்றே காட்ட முடியாவிட்டால் ஸ்டீராய்டுக்கு நான்கு ஆண்டு.

வேல்: ஆலைக்காரன் இயந்திரத்தைக் கழுவாததற்கு என் தம்பி நான்கு ஆண்டு வீட்டில் உட்கார வேண்டுமா? ஆலைக்கு என்ன தண்டனை?

பெரியசாமி மாஸ்டர்: அந்தச் சலுகையைத் திறந்துவிட்டால் ஊசி போட்டவன் எல்லாம் டப்பாவோடு வந்து நிற்பான், தம்பி. நியாயமான ஓட்டக்காரனை யார் காப்பாற்றுவது?

அருள்: இப்போது பேட்ச் பேட்சாகச் சோதித்து முத்திரை போட்ட சரக்கே வருகிறது. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை இருந்தால் மாஸ்டரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நந்தினி: விடுதிச் சாப்பாட்டில் முட்டை எண்ணிக் கொடுக்கிற இடங்களில் நானும் அதைத்தான் சொல்கிறேன், மாஸ்டர் கோபித்தாலும் சரி. ஆனால் முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். சோதித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் டப்பாவின் பேட்ச் எண்ணையே தேட வேண்டும். தங்கள் சோதனைப் பட்டியலில் உள்ள பொருட்களை மட்டும்தான் அவர்கள் தேடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அபாயம் குறையும், பூஜ்யம் ஆகாது.

பெரியசாமி மாஸ்டர்: பூஜ்யம் ஆகாது என்று நீங்களே சொல்லிவிட்டு எதற்கு அந்தப் பெண் குடிக்க வேண்டும்?

முத்துக்குமரன்: ப்ரீ ஒர்க்கவுட்டை நாளை கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வே டப்பாவின் அடிப்பகுதியைப் பார்த்தேன். பேட்ச் எண் இருக்க வேண்டிய இடத்தில் இறக்குமதியாளரின் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உரித்தால் அடியில் வேறு ஓர் எண் தெரிகிறது. எதைத் தேட வேண்டும்?

நந்தினி: ஆலை அச்சடித்த எண்ணை, அதாவது அடியில் உள்ளதை. அது தளத்தில் இல்லாவிட்டால் அந்த டப்பாவும் திரும்பிப் போகட்டும்.

அருள்: ஸ்டிக்கரை உரித்த டப்பாவை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார், சார். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.