புதுப்பிப்பு: இன்டர்ன்ஷிப் போன் கால் முடிந்தது

"வியாழக்கிழமை எச்.ஆர். கூப்பிடுவாங்களாம். என்ன கேட்பாங்க, எப்படித் தயாராவது?" – போன வாரம் நான் கேட்டது.

எச்.ஆர். 18 நிமிடம் பேசினார். சீனியர் அக்கா சொன்னபடி கோடிங் கேள்வியே இல்லை. என்னைப் பற்றி, ரெஸ்யூமேயில் ஒரு ப்ராஜெக்ட், எந்தத் தேதியிலிருந்து வர முடியும், கல்லூரி என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று தருமா என்றுதான் கேட்டார். அந்த என்.ஓ.சி. கேள்வியில்தான் திணறினேன், துறைத்தலைவரிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

"ஸ்பீக்கரில் போட்டுக் குறிப்பைப் பார்த்துப் பேசு" என்று தம்பி சொன்னது பாதி சரி. குறிப்பு உதவியது. ஸ்பீக்கரிலோ ஃபேன் சத்தம் ஏறி, "கேட்கலையே" என்றார். வயர் இயர்போனுக்கு மாறியதும் சரியாயிற்று.

எந்தச் சட்டை போடலாம் என்று எழுதிய நண்பரே, இது வீடியோ கால் இல்லை!

ஸ்டைபெண்ட் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றதற்கு, "நீங்கள் வழக்கமாக எவ்வளவு தருவீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். அது சரியா தப்பா, இன்னும் புரியவில்லை.