மாண்டமஸ் கேட்டு மாட்டிக்கொண்ட வழக்குகள்: பார்த்ததைப் பகிருங்கள்

பழைய குமாஸ்தா:
பட்டா மாறுதல் வழக்கு ஒன்று இன்னும் உறுத்துகிறது. வட்டாட்சியரிடம் மனு கொடுத்து எட்டு மாதம், பதிலே இல்லை. ஒப்புகை அட்டையை இணைத்து, முடிவெடுக்க அதிகாரிக்கு உத்தரவிடச் சொல்லி ஹைகோர்ட்டில் மாண்டமஸ் ரிட் போட்டார்கள். முதல் விசாரணையிலேயே அரசு வக்கீல் ஒற்றைத் தாளை நீட்டினார். மூன்று வாரத்துக்கு முன் தேதியிட்டு மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. மனுதாரருக்கு அனுப்பவே இல்லை. அதோடு வழக்கில் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அந்த உத்தரவு நிற்கும்வரை மாண்டமஸால் பயனில்லை. முதலில் அதை ரத்து செய்யவேண்டும், அது செர்ஷியோரரி. பிறகுதான் மறுபடி பரிசீலிக்கச் சொல்லலாம். நம் ஹைகோர்ட்டில் இரண்டையும் சேர்த்து 'செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்' என்று கேட்பது இதற்காகத்தான். கோரிக்கையைத் திருத்த மனு போட்டுத்தான் வழக்கைக் காப்பாற்றினார்கள்.

தென்றல்:
திருத்தியும் என்ன? பட்டா நிராகரிப்புக்குக் கோட்டாட்சியரிடம் அப்பீல் இருக்கிறது. அப்பீல் இருந்தால் ரிட் நிற்காது.

ரிட் பிரிவு:
பாதி சரி. அப்பீல் இருந்தால் கோர்ட் பொதுவாக அங்கே போகச் சொல்லும். ஆனால் விசாரணைக்கே கூப்பிடாமல் போட்ட உத்தரவு என்றால் ரிட் எடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் 1998 வேர்ல்பூல் தீர்ப்பிலேயே இருக்கிறது. கூப்பிட்டார்களா என்பதை உத்தரவின் தலைப்பில் உள்ள 'பார்வை' பகுதியில் பாருங்கள். அங்கே உங்கள் மனுவும் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையும் மட்டும் இருந்து, விசாரணை அறிவிப்பு இல்லையென்றால், அதுதான் உங்கள் வாதம். அஃபிடவிட்டில் முதல் காரணமாக அதை வையுங்கள், சொத்து யாருடையது என்ற கதையைப் பின்னால் தள்ளுங்கள். உரிமைத் தகராறு முன்னால் வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். ஜெயித்தாலும் பட்டா கைக்கு வராது; நோட்டீஸ் கொடுத்து புதிதாக விசாரி என்றுதான் பெரும்பாலும் உத்தரவு வரும்.

தென்றல்:
அதே நோட்டீஸ் குறையைக் கோட்டாட்சியரிடமே சொல்லலாமே. செலவும் குறைவு.

கண்ணன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தம்பி 40 நாளாக உள்ளே இருக்கிறான். ஆட்கொணர்வு மனு போட்டால் உடனே விட்டுவிடுவார்களா?

பழைய குமாஸ்தா:
மாஜிஸ்திரேட் ரிமாண்டில் இருந்தால் ஆட்கொணர்வு பொதுவாக நிற்காது, ஜாமீன்தான் வழி. குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில் வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் நாள் முடிந்ததும், குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டுவிட வேண்டும். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ குண்டர் சட்டத்தில் போட்ட தடுப்புக்காவல் உத்தரவென்றால் மட்டும் ஆட்கொணர்வு மனுவுக்குப் போங்கள். அதில் கொடுத்த ஆவண நகல் படிக்க முடிகிறதா, அரசுக்கு அனுப்பிய முறையீட்டைத் தாமதித்தார்களா என்பதுதான் பேசும். தம்பி கையில் இருக்கும் தாள் எது?

கண்ணன்:
வக்கீலிடம் இருக்கிறது. பச்சை மையில் கையெழுத்து, அவ்வளவுதான் பார்த்தேன்.