மனைவிக்குத் தேர்வு முடிவு வந்துவிட்டது, கையில் 900 ரூபாய்தான்: நீங்கள் எப்படிக் கொண்டாடினீர்கள்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர்

என் மனைவி குரூப் 4 தேர்வில் நல்ல ரேங்க் எடுத்திருக்கிறாள். நேற்று மாலைதான் முடிவு வந்தது. பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். இரண்டு வருட உழைப்பு. இன்று தேதி 22. வாடகையும் பையனின் பள்ளிப் பணமும் போக, ஒன்றாம் தேதி வரைக்கும் என்னிடம் இருப்பது 900 ரூபாய். அதில் பால், காய்கறி எல்லாம் அடக்கம். ஒரு புடவை எடுத்துக் கொடுக்கக்கூட வழியில்லை. அதற்காக இந்த நாளைச் சும்மா விட மனமில்லை. இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆவடியிலிருந்து ஒருவர்

வாழ்த்துகள் சார். எதற்குத் தயங்குகிறீர்கள்? ரேங்க் வந்துவிட்டதென்றால் வேலை வந்த மாதிரிதான். குரூப் 4-க்கு இன்டர்வியூ கிடையாது. ஒரு தோடை அடகு வைத்துத் தாராளமாகச் செய்யுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் மீட்டுவிடலாம்.

சைதாப்பேட்டையிலிருந்து ஒருவர்

ஆவடிக்காரர் இன்டர்வியூ கிடையாது என்று சொன்னது சரி. மற்றதை நம்பி நகையைத் தொடாதீர்கள். நானும் இதே தேர்வு எழுதி உள்ளே வந்தவன்தான். முடிவுக்கும் வேலைக்கும் நடுவே இன்னும் சில படிகள் இருக்கின்றன. முதலில் சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்வார்கள். பிறகு பிராட்வே பக்கம் இருக்கும் தேர்வாணைய அலுவலகத்துக்கு நேரில் கூப்பிட்டு அசலைச் சரிபார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் கலந்தாய்வு. காலியிடத்தைவிட அதிகம் பேரைத்தான் கூப்பிடுவார்கள். அழைப்பு வந்தாலே இடம் உறுதி என்று அர்த்தமில்லை. மொத்த ரேங்கோடு இனவாரி ரேங்கையும் பாருங்கள், பல நேரம் அதுதான் முடிவு செய்யும்.

ஆணை கையில் வந்து பணியில் சேர்ந்த பிறகும் சம்பளப் பட்டியலில் பெயர் ஏற நாள் பிடிக்கும். எனக்கு முதல் சம்பளம் வந்தது மூன்றாவது மாதத்தில். அந்த மூன்று மாதமும் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் அம்மாவிடம்தான் வாங்கினேன். என் உறவில் ஒரு பையன் முடிவு வந்த அன்றே தெரு முழுக்க பிரியாணி போட்டான். கலந்தாய்வில் அவன் முறை வருவதற்குள் இடம் முடிந்துவிட்டது. அடுத்த ஒரு வருடம் அந்தத் தெருவில் அவன் நடந்ததைப் பார்த்தவன் நான்.

கொண்டாட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்கு அறிவிப்பதை ஆணை வரும்வரை தள்ளிவையுங்கள், வீட்டுக்குள் கொண்டாடுங்கள். அவங்க தமிழ் வழியில் படித்தவர் என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பள்ளியிலும் அதற்கான சான்று வாங்க வேண்டியிருக்கும். பள்ளி வெளியூரில் இருந்தால் நீங்களே ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாங்கி வாருங்கள். என் அண்ணன் எனக்கு அப்படித்தான் செய்தார். எல்லாவற்றையும் வரிசையாக ஒரு ஃபைலில் போட்டு இரண்டு செட் ஜெராக்ஸோடு கையில் கொடுத்தார். எனக்கு வந்த பரிசுகளில் அதுதான் பெரியது.

பெருங்குடியிலிருந்து ஒருவர்

சைதாப்பேட்டைக்காரர் சொன்ன ஃபைல் தேவையானது. ஆனால் முதல் நாளே அதை நீட்டாதீர்கள் என்பது என் அனுபவம். என் மனைவி தேறியபோது நான் அதைத்தான் செய்தேன். "இன்னிக்கு ஒரு நாளாவது இதைப் பத்திப் பேசாம இருக்கலாமா" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. என்ன வாங்கித் தரலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தேர்வு அவளிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

அவள் பதினான்கு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனாள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான சமச்சீர் புத்தகங்களோடு உட்காருவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நாவல் படிக்காத வாரம் கிடையாது. அத்தனை நாவல்கள் இருக்கும் கட்டடத்துக்குள் பதினான்கு மாதம் போய்வந்தும் மேல்தளத்துக்கு ஒரு நாள்கூட ஏறவில்லை. ஏறினால் இறங்க மனசு வராது என்று பயம். இதை எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் காலையில் கேசரி செய்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை. ரவை வேகும் முன்பே சர்க்கரையைக் கொட்டிவிட்டேன், அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கிளறியும் ரவை மெத்தென்று ஆகவில்லை, பல்லில் நறநறவென்றது. மறுபடி ஒரு டம்ளர் ரவையை நெய்யில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டரை டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் தூவி, மூடிவைத்து முழுசாக வெந்த பிறகு சர்க்கரை சேர்த்தேன். மகள் முந்திரியை எண்ணி எண்ணி மேலே வைத்தாள். ஏழு முந்திரி இருந்தது.

பிறகு மூவரும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போனோம். புத்தகப் பை கொண்டுவரக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். தமிழ் நூல்கள் இருக்கும் தளத்தில் அவளை விட்டுவிட்டு, நான் மகளோடு குழந்தைகள் பகுதிக்குப் போய்விட்டேன். மதியம் கீழே வந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறிப் போனாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது ஜன்னல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றது ஐந்து நிமிடம் அவளுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கி மெரினாவுக்கு நடந்தோம். இரண்டு முழம் மல்லி, மூன்று பொட்டலம் சுண்டல். டிக்கெட், கேசரி சாமான் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது.

அந்த ஃபைலை அவளே செவ்வாய்க்கிழமை எடுத்து உட்கார்ந்தாள். அப்போது நானும் கூட உட்கார்ந்தேன்.

பூந்தமல்லியிலிருந்து ஒருவர்

எந்த கோச்சிங் சென்டர் என்று சொன்னால் உதவியாக இருக்கும். என் தங்கையும் படிக்கிறாள்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்

எங்களுடையது தேர்வு இல்லை, பதவி உயர்வு. என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனார். கடிதம் ஏப்ரலில் வந்துவிட்டது, கூடுதல் சம்பளம் ஜூலையில்தான் அரியரோடு சேர்ந்து வந்தது. நடுவில் கூட வேலை செய்கிறவர்கள் ட்ரீட் எங்கே என்று விடவில்லை. அவரும் முகத்துக்காகப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் 4,800 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்தார். அந்த மாதம் கேஸ் சிலிண்டருக்கு அக்காவிடம் கைமாற்று வாங்கினேன்.

எனக்கு வருத்தம் பணத்தைப் பற்றி மட்டுமில்லை. ஊருக்கெல்லாம் போட்ட பிறகு வீட்டில் கொண்டாட அவருக்குத் தெம்பும் இல்லை, முகமும் இல்லை. குற்ற உணர்ச்சியோடு வந்து படுத்துவிட்டார். ட்ரீட் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை என் நாத்தனாருக்கு உயர்வு வந்தபோது அவர் வீட்டுக்காரரே சொல்லிக்கொடுத்தார்: "அரியர் வந்ததும் வாங்க, இன்னிக்கு எல்லாருக்கும் டீயும் பட்டர் பிஸ்கட்டும்." ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை.

எங்களுக்குள் கொண்டாடியது பிறகுதான். அவர் முதல் முதலில் ஹெல்பராகச் சேர்ந்தபோது கொடுத்த அடையாள அட்டையைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, புது அட்டை வந்த அன்று தட்டுக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தேன். பதினொரு வருட இடைவெளி அந்த இரண்டு போட்டோவில் இருந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்

கேட்டவரின் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. நானும் என் கணவரும் சேர்ந்து எழுதினோம். அவர் தேறினார், எனக்கு ரேங்க் மிகவும் பின்னால் போய்விட்டது. ஒரே புத்தகம், ஒரே நோட்ஸ். கணக்குப் பகுதியை அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் கொண்டாடவே வேண்டாம் என்றார். எனக்காக மறைக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அது இன்னும் வலித்தது. கடைசியில் நான்தான் பால் வாங்கி சேமியா பாயசம் வைத்தேன். பரிமாறும்போது, "எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், கூடவே அழுகையும் வருது, ரெண்டையும் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தக் கணக்கு நோட்டை எடுத்து வந்து, நான் எழுதிக்கொடுத்த பக்கங்களை மாமியாரிடம் காட்டினார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு அந்த நோட்டைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. அடுத்த அறிவிப்பு வந்ததும் மறுபடி எழுதப்போகிறேன். அதில் தேறினால் என்ன செய்யலாம் என்று அவர் இப்போதே கேட்கிறார், நான் பதில் சொல்லவில்லை.

ஆவடியிலிருந்து ஒருவர்

சைதாப்பேட்டை சாருக்கு நன்றி. எனக்கு இத்தனை படி இருப்பது தெரியாது. ஆனாலும் பெண்களுக்கு ஒரு புடவையாவது எடுத்தால்தான் நிறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர்

எல்லோருக்கும் நன்றி. பெருங்குடிக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த இரண்டு வருடத்தில் அவளிடமிருந்து போனது என்ன என்று நேற்று ராத்திரி யோசித்தேன். எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு வரும். அவள் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தண்ணீர் பிடித்துவிட்டு, அப்படியே படிக்க உட்காருவாள். நான் இரவு வேலை முடித்து வருகிறவன் என்று என்னை ஒரு நாளும் எழுப்பியதில்லை.

இன்று ஞாயிறு. அவள் போனில் அலாரத்தை நிறுத்திவிட்டு, என் போனில் வைத்துத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டேன். பதினாறு குடம். முதல் நாலு குடம் அடிக்கும்போதே தோள் பிடித்துக்கொண்டது. சத்தம் வராமல் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசலிலேயே வரிசையாக வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "எங்கே, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா" என்றார்கள். தூங்குகிறாள் என்றேன். பையன் எழுந்ததும் அவனை மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

ஏழே முக்காலுக்குத்தான் கதவைத் திறந்து வந்தாள். முகத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. பதறிப்போய், "ஐயோ, தண்ணி வந்துட்டுப் போயிடுச்சா" என்றாள். அப்புறம்தான் குனிந்து குடங்களைப் பார்த்தாள்.