முதல் ஐந்து வினாடியில் விலகுகிறவர்கள்: பக்திக் காணொளிகளின் பார்வைக் கணக்கைப் படித்த அனுபவங்கள்

கும்பகோணத்துக்காரி

நானும் என் அண்ணனும் நடத்தும் சிறிய பக்திச் சேனலில் ஒரு மார்கழி முழுவதும் திருப்பாவையை, நாளொரு பாசுரமாக, ஏறத்தாழ ஐம்பது வினாடி ஷார்ட்ஸ்களாக வெளியிட்டோம். முப்பதையும் ஒரே அச்சில் வார்க்காமல், பத்துப் பத்தாகப் பிரித்து மூன்று விதமான தொடக்கங்களை வைத்துப் பார்த்தோம்.

முதல் பத்தில் நான்கு வினாடிக்குச் சங்கொலியும் சேனல் முத்திரையும் பாசுர எண்ணும் வரும். அதன் பிறகே பாடல். அடுத்த பத்தில் முத்திரையை நீக்கிவிட்டு, மாலை சாற்றிய ஆண்டாளின் திருமுகம் திரை நிறையத் தெரிய, முதல் வினாடியிலேயே பாடல் தொடங்கும்படி செய்தோம். கடைசிப் பத்தில் பாடலுக்கு முன்பு அண்ணன் பாசுரப் பொருளிலிருந்து ஒரு கேள்வி கேட்பார். உதாரணமாக இருபத்தேழாம் பாசுரத்துக்கு, "நெய்யும் பாலும் உண்ண மாட்டோம் என்று நோன்பு தொடங்கியவர்கள், இன்று முழங்கை வழிய நெய் பெய்த பால்சோறு கேட்பது ஏன்?" என்று கேட்டிருந்தார்.

யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு காணொளியின் பார்வை வளைகோட்டையும் திறந்து, ஐந்தாம் வினாடியிலும் விலகாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று நோட்டில் எழுதினேன். சராசரியாக முதல் பத்துக்கு 48, இரண்டாம் பத்துக்கு 71, கேள்வியில் தொடங்கியவற்றுக்கு 66 வந்தது. இருபத்தேழாம் பாசுரம் மட்டும் 82 காட்டியது. இனி எல்லாக் காணொளிகளிலும் முத்திரையை எடுத்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். சங்கொலி இல்லாமல் தொடங்குவது முறையன்று என்கிறார் அண்ணன். இதே போல் அளந்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எங்கள் வீட்டுச் சண்டை ஒரு முடிவுக்கு வரும்.

தேரடி

அம்மா, எங்கள் ஊர் முருகன் கோயில் சேனலில் நான் கண்டது இதைவிட எளிது. பதினைந்து வினாடிக்குள் ஒரே மந்திரத்தை வைத்து, முடிவும் தொடக்கமும் இழை தெரியாமல் ஒட்டும்படி வெட்டினால் போதும். சராசரிப் பார்வை 130 சதவீதத்தைத் தாண்டுகிறது. நூற்றுக்கு மேல் போய்விட்டால் யாரும் விலகவில்லை என்றுதானே பொருள்? முத்திரை, திருமுகம், கேள்வி என்று ஆராய வேண்டியதே இல்லை. நீளத்தைக் குறைத்தால் ஐந்து வினாடிச் சிக்கல் தானாகத் தீரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஐப்பசிக் கந்த சஷ்டியில் போட்ட ஷார்ட்ஸ்களைவிட 2025இல் போட்டவற்றுக்குப் பார்வை எண்ணிக்கை மும்மடங்கு. இந்தச் சுழல் வடிவத்துக்கு மாறியதன் பலன் அது.

பழைய எடிட்டர்

பல பக்திச் சேனல்களுக்கு வெட்டுவேலை செய்பவன் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தேரடி ஐயா சொல்வதில் பாதி சரி. சுழல் வடிவம் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கும். ஆனால் 130 சதவீதம் என்பது யாரும் விலகவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு எட்டு முறை கேட்ட ஒருவரையும், ஒரு வினாடியில் தள்ளிவிட்டுப் போன ஆறு பேரையும் கூட்டி ஏழால் வகுத்தாலும் சராசரி நூற்றைத் தாண்டிவிடும். விலகியவர்களைக் காட்டும் எண் வேறு. ஷார்ட்ஸ் வரிசையில் எதிர்ப்பட்டவர்களில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்ற விகிதத்தை ஸ்டூடியோ தனியாகவே தருகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மும்மடங்குப் பார்வையை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்றும், மறுபடி ஓடினால் இன்னொரு பார்வை என்றும் எண்ணும் முறை வந்துவிட்டது. சுழல் காணொளிக்கு இந்த எண்ணிக்கை ஊதிக் காட்டும். பழைய முறைக்கு நிகரான எண், ஈடுபாட்டுப் பார்வை என்ற பெயரில் இன்னமும் இருக்கிறது. இரண்டு சஷ்டிகளையும் அதைக் கொண்டு ஒப்பிட்டால்தான் நியாயம்.

கும்பகோணத்துச் சகோதரியின் கணக்கில் எனக்கு உறுத்துவது வரிசை. முத்திரைக் காணொளிகள் எல்லாம் மார்கழி முதல் பத்து நாள்களிலேயே வந்துவிட்டன. அப்போது அந்தத் தொடர் யாருக்குப் பிடிக்கும் என்று தளத்துக்கே தெரிந்திராது. தொடர்பில்லாதவர்கள் முன்னாலும் காட்டியிருக்கும். இருபதாம் நாளுக்குள் தொடரைத் தேடி வருகிறவர்கள் சேர்ந்திருப்பார்கள். அதனால் 48க்கும் 71க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் முத்திரையின் தலையில் கட்ட முடியாது. இருபத்தேழாம் நாளோ கூடாரவல்லி. அன்று அந்தப் பாசுரத்தையே எதிர்பார்த்துத் திறந்தவர்கள் பலர். அண்ணனின் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் 82 அந்தக் கேள்வியால் மட்டும் வந்ததில்லை. அதை விலக்கிவிட்டுக் கடைசிப் பத்தின் சராசரியை மீண்டும் போடுங்கள்.

அதோடு, ஐந்தாம் வினாடி எண்ணைத் தனியே எடுக்காமல், வளைகோடு எந்த இடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். முத்திரை காரணமென்றால் நான்காம் வினாடிவரை சரிந்து, பாடல் தொடங்கியதும் கோடு சரியாமல் நேராகிவிடும். படமோ பாடலோ காரணமென்றால் சரிவு அங்கே நிற்காது.

விளக்குமாடம்

நான் வேளாங்கண்ணி நடைப்பயணப் பாடல்களைப் போடுகிறவன். ஐந்து வினாடி என்றதும், விளம்பரத்தைத் தவிர்க்கும் பொத்தான் ஐந்து வினாடி கழித்து வருமே, அதைப் பற்றிய பேச்சு என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். எனக்கு அதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பு, ஏழு நிமிடப் பாடல் ஒன்றைப் பணம் கட்டி விளம்பரமாக ஓடவிட்டேன். அதுவரை நன்றாக இருந்த வளைகோடு இரண்டே நாளில் செங்குத்தாக விழுந்தது. பாடலின் முன்னிசையில்தான் குறை என்று எண்ணி அதை வெட்டி, புதிதாக ஒரு பதிப்பை ஏற்றினேன். அதற்கும் விளம்பரம் கொடுத்தேன், அதுவும் விழுந்தது. பாடகரிடம் முன்னிசையைக் குறை சொன்னதற்கு இன்றுவரை அவர் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை.

பழைய எடிட்டர்

நீங்கள் கேள்வியை மாற்றிப் புரிந்துகொண்டாலும் சொன்னது இங்கே வேண்டிய செய்திதான். தவிர்க்கக்கூடிய விளம்பரமாக ஓடும்போது, பொத்தான் வந்த கணமே விலகுகிறவர்களும் அதே வளைகோட்டில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த அறிக்கையில் இயல்பாக வந்தவர்களையும் விளம்பரத்தால் வந்தவர்களையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இயல்பாக வந்தவர்களின் கோட்டை மட்டும் எடுத்துப் பழைய முன்னிசையைப் பாருங்கள். பாடகரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம்.

உபன்யாசகர் மகன்

என் தந்தையின் நாற்பது நிமிட உபன்யாசங்களை நான் ஏற்றுகிறேன். அவர் தியான சுலோகத்தோடுதான் தொடங்குவார். அது ஒன்றரை நிமிடம் போகும். அதை வெட்டினால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அறிய, ஐந்தாம் வினாடியில் நிற்பவர்களின் எண்ணிக்கையைத் தேடித் தேடிப் பார்த்தேன். தரவைத் தனியே இறக்கியபோது elapsedVideoTimeRatio என்ற பத்தியில் மொத்தமே நூறு வரிகள்தான் இருந்தன. ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பழைய எடிட்டர்

எதுவும் விடுபடவில்லை. காணொளி எவ்வளவு நீளமானாலும் அதை நூறு சம துண்டுகளாக வெட்டித்தான் அந்தத் தரவு கொடுக்கப்படுகிறது. ஐம்பது வினாடி ஷார்ட்ஸுக்கு ஒரு துண்டு அரை வினாடி. ஆகவே சகோதரி ஐந்தாம் வினாடியைத் துல்லியமாகப் படிக்க முடிந்தது. எட்டு நிமிடம் இருபது வினாடிப் பாடல் என்றால் முதல் துண்டே ஐந்து வினாடி. நாற்பது நிமிட உபன்யாசத்துக்கு ஒரு துண்டு இருபத்து நான்கு வினாடி. ஐந்தாம் வினாடியில் நடந்தது அதற்குள் கரைந்துபோய்விடும். நீண்ட காணொளிகளுக்கு முப்பதாம் வினாடியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஸ்டூடியோ காட்டும் எண்ணே நமக்குக் கிடைக்கும் மிக நெருங்கிய அளவு.

தியான சுலோகத்தை வெட்டுவதற்கு முன்பு வளைகோட்டைச் சந்தாதாரர், சந்தாதாரர் அல்லாதவர் என்று பிரித்துப் பாருங்கள். தந்தையாரின் குரலுக்காக வருகிறவர்கள் சுலோகத்தில் விலக மாட்டார்கள் என்று நினைக்கிறேன். புதியவர்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது.

உபன்யாசகர் மகன்

பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே சந்தாதாரர்கள் கோடு ஏறத்தாழ நேராக இருக்கிறது. ஆனால் வேறொன்று இடிக்கிறது. எங்கள் பார்வையாளர்களில் பெரும்பகுதி தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்கிறவர்கள். என் பாட்டி காலையில் உபன்யாசத்தை ஓடவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார். அவர் கேட்டாரா, சுலோகத்தின்போது பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எந்தக் கோடு சொல்லும்? நேர்கோட்டை விருப்பம் என்று படிக்க எனக்குத் துணிவில்லை.

பழைய எடிட்டர்

அதற்கு என்னிடம் விடை இல்லை. கைபேசியில் பார்த்தவர்களின் சராசரிப் பார்வை நேரத்தோடு ஒப்பிடலாம் என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

தேரடி

விகிதத்தைப் பார்த்தேன். எதிர்ப்பட்ட நூறு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். எண்ணும் முறை மாறியது எனக்குத் தெரியாது. ஈடுபாட்டுப் பார்வையை வைத்துப் பார்த்தால் வளர்ச்சி மும்மடங்கு இல்லை, ஒன்றேகால் மடங்குதான். ஆனாலும் சுழல் வடிவத்தை விட மாட்டேன். நின்றவர்கள் நாமம் சொல்லிக்கொண்டே நிற்கிறார்கள். கோயிலுக்கு அது போதும்.

கும்பகோணத்துக்காரி

எல்லாவற்றையும் மறுபடி எழுதிப் பார்த்தேன். கூடாரவல்லியை நீக்கினால் கேள்வி வடிவத்தின் சராசரி 66இலிருந்து 64க்கு இறங்குகிறது. முத்திரைக் காணொளிகளில் சரிவு முழுவதும் நான்காம் வினாடிக்குள்ளேயே நடந்திருக்கிறது. அதைத் தாண்டியவர்கள் கடைசிவரை ஏறத்தாழ அப்படியே இருக்கிறார்கள். திருமுகத்தில் தொடங்கியவற்றில் முதலில் நிறையப் பேர் நின்று, பதினைந்தாம் வினாடியிலிருந்து மெல்லக் கரைகிறார்கள். நாற்பதாம் வினாடியில் திருமுகத்துக்கு 47, கேள்விக்கு 52. ஐந்தாம் வினாடியோடு நோட்டை மூடியிருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

எங்களிடம் எட்டு நிமிடத் தோத்திரங்களும் உண்டு; அவற்றிலும் அதே சங்கு, அதே முத்திரை. அங்கே முதல் இரண்டு துண்டுகளுக்கு இடையே இழப்பு மிகக் குறைவு. அவர்கள் தேடலில் பெயரைத் தட்டச்சு செய்து, உடன் சேர்ந்து சொல்வதற்காக வந்தவர்கள். விளக்கேற்றி உட்காருவதற்குச் சங்கொலி அவர்களுக்கு ஒரு அவகாசமாகவே அமைகிறது போலும். அதில் முத்திரையை எடுத்து ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். கோடு மாறவில்லை, 'சங்கு எங்கே?' என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

வரும் மார்கழியில் மூன்று தொடக்கங்களையும் பத்துப் பத்தாக வைக்காமல் நாள் மாற்றி நாள் சுற்றிவிடப் போகிறோம். வைகுண்ட ஏகாதசியும் கூடாரவல்லியும் கணக்கில் சேராது. தோத்திரங்களில் சங்கு இருக்கும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அண்ணன் இதற்கு ஒப்புக்கொண்டார். ஷார்ட்ஸில் முத்திரையைத் திருமுகத்தின் மேல் மூலையில் சிறிதாக வைத்து, சங்கைப் பாடலுக்கு அடியில் மெல்ல ஓடவிட்டால் என்ன என்று இப்போது கேட்கிறார். அப்படிச் செய்தால் அது நான்காவது வடிவம் ஆகிவிடும். முப்பது பாசுரத்துக்குள் நான்கை எப்படி அடக்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.